முந்தின இரவில் என்ன மாத்திரை போட்டீர்கள்?

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 34. ஒன்றரை வருடமாக வயிறு ஒரு நிலையில் இல்லை. இரண்டு மூன்று நாள் மலமே வராது. வந்தாலும் ஆட்டுப்புழுக்கை மாதிரி வரும். பிறகு திடீரென்று ஒரு நாள் நாலைந்து தடவை தண்ணீராகப் போகும். போவதற்கு முன் அடிவயிறு, முக்கியமாக இடப்பக்கம், முறுக்கிப் பிடிக்கும். போய்விட்டு வந்தால் வலி விட்டுவிடும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ‘ஐ.பி.எஸ்., அதாவது குடல் எரிச்சல் கோளாறுதான், பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டார்கள். பேதியானால் லோபெரமைடு, மலச்சிக்கல் என்றால் பிசகோடில் என்று இரண்டையும் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். மாற்றி மாற்றிப் போட்டும் தீரவில்லை. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியைச் செய்து பார்த்துவிடலாமா? இரண்டு வாரம் எழுதிவைத்த குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

கொலனோஸ்கோபி பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் குறிப்பு. போன நேரம், போன விதம், போட்ட மாத்திரை மூன்றையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகள் எல்லாம் சேர்ந்து சொல்லாத ஒன்றை இந்த ஒரு தாள் சொல்கிறது.

முதல் வாரத்தைப் பார்ப்போம். திங்கட்கிழமை காலை வலி, நான்கு முறை இளக்கம், லோபெரமைடு இரண்டு. செவ்வாய் எதுவும் இல்லை. புதனும் இல்லை, இரவு பிசகோடில் இரண்டு. வியாழன் விடியும்போதே கடுமையான முறுக்கல். முதலில் கட்டியாக, அடுத்து கூழாக, பிறகு தண்ணீராக ஐந்து முறை. மறுபடி லோபெரமைடு இரண்டு. வெள்ளி இல்லை. சனி முக்கி முக்கிக் கொஞ்சம் புழுக்கை. ஞாயிறு இல்லை, இரவு பிசகோடில். இரண்டாவது வாரம் திங்கள் காலை மறுபடி வலி, நான்கு முறை தண்ணீர், லோபெரமைடு. செவ்வாய், புதன் இல்லை. வியாழன் கொஞ்சம் புழுக்கை, இரவு பிசகோடில். வெள்ளி ஐந்து முறை.

இந்த 14 நாளில் பேதியான நாள்கள் நான்கு. அந்த நான்கில் மூன்று, பிசகோடில் போட்ட இரவுக்கு மறுநாள் காலை. தானாக வந்தது முதல் திங்கட்கிழமை ஒன்றுதான். அதற்கு முந்தின ஞாயிறு இரவு என்ன போட்டீர்கள் என்று குறிப்பில் இல்லை. அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

பிசகோடில் பெருங்குடலின் சுவரைத் தூண்டிவிட்டுச் சுருங்க வைக்கும் மருந்து. இரவு விழுங்கினால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். முறுக்கிப் பிடிக்கும் வலி அதன் தெரிந்த பக்கவிளைவு; சாதாரணக் குடல் உள்ளவருக்கே வரும். உங்கள் குடல் சாதாரணக் குடலைவிடக் கூச்சம் மிகுந்தது. அதனால் அந்த மூன்று காலைகளின் வலியையும் பேதியையும் முழுக்க நோயின் கணக்கில் எழுத முடியாது. பெரும்பங்கு மருந்தினுடையது.

அந்தப் பக்கம் அப்படி என்றால் லோபெரமைடு இந்தப் பக்கம். அது குடலின் நகர்வைக் குறைத்து, உள்ளே இருப்பதை நிறுத்திவைக்கும். அந்த நேரத்தில் குடல் இன்னும் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பெருங்குடலுக்குள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் நீர்மம் வந்து சேர்கிறது. அதில் ஒரு டம்ளர் அளவுகூட வெளியே வராது; மீதி எல்லாம் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே நகர்வு கொஞ்சம் வேகமானாலும் மலம் இளகும், கொஞ்சம் தாமதமானாலும் இறுகும். உங்கள் கைப்பையில் இருக்கும் இரண்டு மாத்திரையும் அந்த வேகத்தைத்தான் பிடித்து இழுக்கின்றன, எதிரெதிர்த் திசையில். ஆடுகிற ஊஞ்சலை இரண்டு முனையிலும் ஆள் நின்று தள்ளிக்கொண்டே இருந்தால் அது எப்போது நிற்கும்?

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. என்னிடம் வரும் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நாலைந்து முறை பேதியானால் பெருங்குடலின் கீழ்ப்பகுதி கிட்டத்தட்டக் காலி. மறுபடி அது நிரம்பி, மலம் உருவாகி, ஆசனவாய்வரை வந்து சேர இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள் ஆகும். அந்த நாள்களில் எதுவும் வராதது மலச்சிக்கல் இல்லை. உள்ளே வருவதற்கே ஒன்றும் இல்லை. நீங்களோ முதல் செவ்வாயையும் புதனையும் ‘மலச்சிக்கல்’ என்று எழுதி, புதன் இரவே பிசகோடில் போட்டுவிட்டீர்கள். அதற்கு முன்னால் லோபெரமைடு வேறு அதைத் தாமதப்படுத்தியிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை போனாலும் சரி, வாரத்துக்கு மூன்று முறை போனாலும் சரி, அது இயல்பான எல்லைக்குள்தான். எண்ணிக்கையைவிட, வருவது இறுகியிருக்கிறதா, முக்க வேண்டியிருக்கிறதா என்பதே மலச்சிக்கலைச் சொல்லும்.

உங்கள் தாளின் கடைசி இரண்டு வரிகளை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது வெள்ளி பேதியானபோது, ‘வீட்டில்தான் இருந்தேன், அதனால் மாத்திரை போடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சனி எதுவும் இல்லை. ஞாயிறு: ‘ஒரு முறை, சாதாரணமாக.’ 14 நாளில் சாதாரணமாகப் போன ஒரே நாள் அதுதான். லோபெரமைடை விட்ட அந்த ஒரு தடவை, மலமிளக்கியும் இல்லாமல் இரண்டாம் நாள் குடல் தானாகவே ஒழுங்குக்கு வந்தது. ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்று அது காட்டிவிட்டது.

அப்படியானால் ஐ.பி.எஸ். என்று சொன்னதே தப்பா? இல்லை. அறிகுறிகளை வைத்து ஐ.பி.எஸ்.ஸை இனம்காண மருத்துவர்கள் பயன்படுத்தும் ரோம் அளவுகோலின் நான்காம் பதிப்பு 2016-இல் வெளியானது. அது சொல்வது இது. கடந்த மூன்று மாதத்தில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையது, போகும் எண்ணிக்கை மாறுகிறது, மலத்தின் தன்மை மாறுகிறது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். உங்களுக்கு மூன்றும் இருக்கிறது. எனவே பெயர் சரி.

நான் கேள்வி எழுப்புவது அதன் உட்பிரிவு பற்றி. மலச்சிக்கல் வகை, பேதி வகை, இரண்டும் கலந்த வகை என்று பிரிக்கிறோம். மலம் இயல்பாக இல்லாத நாள்களில் கால் பங்குக்கு மேல் கட்டியாகவும், கால் பங்குக்கு மேல் இளக்கமாகவும் இருந்தால் கலப்பு வகை. இந்தக் கணக்கை, மலத்தை மாற்றக்கூடிய மருந்து எதுவும் எடுக்காத நாள்களில் போட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பலரும் மறந்துபோவது இதைத்தான். உங்கள் தாளில் மருந்தின் நிழல் விழாத நாள் அநேகமாக இல்லை. இரண்டையும் நிறுத்தி நான்கு வாரம் பார்த்தால் நீங்கள் அடிப்படையில் மலச்சிக்கல்காரர் என்று தெரியவரலாம். அப்படி நடந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வியாழக்கிழமை காலை முதலில் கட்டி, பின்னால் கூழ், கடைசியில் தண்ணீர் என்று வந்ததே, முன்னால் அடைத்து நின்றது கிளம்பியதும் பின்னால் இருந்தது எல்லாம் கூடவே வந்துவிடும் குடலின் வேலை அது.

வலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்றால் வலியே பொய் என்பதுபோல் சிலர் பேசிவிடுகிறார்கள். பெருங்குடல் இடது அடிவயிற்றில் வளைந்து மலக்குடலில் சேர்கிறது. மலமும் காற்றும் அங்கே சேர்ந்து சுவரை விரிக்கும். குடல் இறுக்கிப் பிடித்துத் தள்ளும். எல்லோருக்கும் நடப்பதுதான், ஆனால் பெரும்பாலோருக்கு அது ‘போக வேண்டும்’ என்ற உணர்வாக மட்டும் தெரியும். மலக்குடலில் சிறு பலூனை வைத்து மெல்ல மெல்லக் காற்றேற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பலருக்கு, மற்றவர்களுக்கு உறைக்காத அளவு காற்றிலேயே வலி வந்துவிடும். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. அங்கிருந்து மூளைக்குப் போகும் செய்தியின் சத்தம்தான் கூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. மலம் வெளியேறியதும் விரிவு குறையும், சுருக்கம் தளரும், வலி விடும். இந்த ‘போனால் விடும்’ என்பது குடலிலிருந்து வரும் வலி என்பதற்கு நல்ல அடையாளம். எல்லோருக்கும் அப்படி விடாது என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்குப் போனபின் வலி கூடும், அதுவும் ஐ.பி.எஸ். ஆகலாம்.

இனி கொலனோஸ்கோபி. உங்கள் வயதில், இந்த அறிகுறிகளோடு மட்டும், நான் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் சில விஷயங்களை நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொன்றாக உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மலத்தில் ரத்தம் உண்டா? முயற்சி செய்யாமலே எடை குறைகிறதா? காய்ச்சல் வந்து வந்து போகிறதா? ரத்தசோகை என்று யாராவது சொன்னார்களா? பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய், குடல் அழற்சி நோய், கோதுமைப் புரதம் குடலுக்கு ஆகாத சீலியாக் நோய் இருந்ததா? தூக்கத்திலிருந்து எழுப்பிப் பேதி வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் தவறாக ‘ஆமாம்’ என்பார்கள். அதிகாலையில் விழிப்பு வந்து, விழித்தபின் வயிறு பிசையத் தொடங்குவது வேறு; அது ஐ.பி.எஸ்.ஸில் சாதாரணம். இரவு இரண்டு மணிக்கு ஆழ்ந்த தூக்கத்தை வலியோ பேதியோ கலைத்து எழுப்புவது வேறு. அது விசாரிக்க வேண்டியது. இவற்றில் ஒன்றுக்காவது ‘ஆமாம்’ என்றால் என் பதில் மாறும், கொலனோஸ்கோபி பற்றி உங்கள் டாக்டரிடம் பேச வேண்டியிருக்கும். 45, 50 வயதுக்குமேல் முதல் தடவையாக இப்படி ஆரம்பித்தாலும் அப்படித்தான்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினும், உடலில் அழற்சி இருந்தால் உயரும் சி.ஆர்.பி.யும் சரியாக இருக்கின்றன. இரண்டு பரிசோதனைகள் இல்லை, அவற்றைச் செய்துகொள்ளலாம். ஒன்று, சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை. கோதுமை உணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டுச் செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். இன்னொன்று மலத்தில் கால்புரோடெக்டின். குடலில் உண்மையான அழற்சி இருந்தால் அது உயரும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் அழற்சி நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. கொஞ்சம் மட்டும் கூடியிருந்தால் உடனே பதற வேண்டாம். வலி மாத்திரைகளும் அண்மையில் வந்த குடல் தொற்றும்கூட அதை உயர்த்தும், சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம். இரண்டும் சரியாக வந்துவிட்டால் மேலும் மேலும் பரிசோதனை செய்வது உங்கள் வயிற்றுக்கு எதுவும் செய்யாது, கவலையை மட்டும் வளர்க்கும்.

(இதே கேள்வியை 70 வயதுக்காரர் கேட்டிருந்தால் பதில் வேறு. அந்த வயதில் மலக்குடலில் மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தண்ணீர் மட்டும் கசிவது உண்டு. தெரியாமலே உள்ளாடையில் படும். அதைப் பேதி என்று நினைத்து லோபெரமைடு போட்டால் அடைப்பு இன்னும் இறுகும். விரலால் மலக்குடலைச் சோதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை, தினமும் ‘இன்று பேதியா, சிக்கலா’ என்று பார்த்து அதற்கு ஏற்ற மாத்திரை போடும் பழக்கத்தை நிறுத்துவது. இரண்டு பக்கத்தையும் நடுவுக்குக் கொண்டுவரும் ஒன்றைத் தினமும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு என் முதல் தேர்வு இசப்கோல் உமி. அது தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகும் நார். மலம் இறுகியிருந்தால் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்து மென்மையாக்கும். தண்ணீராக இருந்தால் அதே குணத்தால் நீரை இழுத்துக்கொண்டு உருவம் கொடுக்கும். நார் என்றாலே கோதுமைத் தவிடுதான் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். தவிட்டின் நார் தண்ணீரில் கரையாது, ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு வலியையும் உப்புசத்தையும் கூட்டிவிடும்.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதல் நாளே மூன்று கரண்டி போட்டு, வயிறு உப்பி, ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். நீங்கள் ஒரு தேக்கரண்டியில், அதாவது ஏறத்தாழ 3, 4 கிராமில் தொடங்குங்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன்பே குடித்துவிடுங்கள். பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீர். உலர்ந்த உமியை வாயில் போட்டு விழுங்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். படுக்கப் போகும் முன்பும் வேண்டாம். வேறு மாத்திரைகள் இருந்தால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். முதல் வாரம் காற்று கொஞ்சம் கூடும், அது தணியும். அடுத்த வாரம் காலை ஒன்று, மாலை ஒன்று. தேவைப்பட்டால் அதற்கடுத்த வாரம் மூன்று. நாளுக்கு 10 கிராம் அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். நான்கு வாரமாவது ஆகாமல் பலன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வயிறு வீங்கி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருந்தால் மட்டும் இசப்கோலைத் தொடாதீர்கள். அது அடைப்பாக இருக்கலாம். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கைப்பையில் இருக்கும் இரண்டையும் என்ன செய்வது? பிசகோடிலை எடுத்து வைத்துவிடுங்கள். பேதியான நாளைக் கணக்கில் சேர்க்காமல், அதற்குப்பின் முழுதாக மூன்று நாள் போகவில்லை, வயிறும் கனக்கிறது என்றால் மட்டும் மேக்ரோகால் என்ற தூளைத் தண்ணீரில் கலக்கி எடுத்துக்கொள்ளலாம். அது குடலைத் தூண்டாது. தண்ணீரை மலத்தோடு பிடித்துவைக்கும், அவ்வளவுதான். வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் ‘இன்றே வர வேண்டும்’ என்று அளவைக் கூட்டாதீர்கள். லோபெரமைடை முற்றிலும் விட வேண்டியதில்லை. நீண்ட பயணம், எழுந்துபோக முடியாத கூட்டம் மாதிரி நாள்களில், 2 மில்லிகிராம் மாத்திரை ஒன்று முன்கூட்டிப் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. மூன்று முறை பேதியான பிறகு அதை நிறுத்தவென்று இரண்டாகப் போடுவதுதான் மறுநாள் அடைப்பைக் கொண்டுவருகிறது. அந்தப் பேதி உங்களுக்குத் தானாகவே மதியத்துக்குள் நின்றுவிடுவதை உங்கள் குறிப்பே காட்டுகிறது. லோபெரமைடு வலிக்கு மருந்து இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது.

வலிக்கு, குடல் தசையைத் தளர்த்தும் மருந்துகள் இருக்கின்றன. மெபெவெரின் 135 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. சாப்பிடுவதற்கு 20 நிமிடம் முன்னால். சாப்பிட்டு வலி வந்தபின் போடுவது காலம் கடந்த காரியம், ஏனென்றால் உணவு இரைப்பையில் இறங்கியதுமே பெருங்குடலுக்கு நகர் என்ற ஆணை போய்விடுகிறது. உங்களுக்கு வலி அநேகமாகக் காலை உணவை ஒட்டித்தான் வருகிறது என்பதால் முதல் வேளை முக்கியம். இதற்கு மாற்றாக மிளகுக்கீரை எண்ணெய் அடைத்த கேப்ஸ்யூலும் நன்றாகக் கேட்கும். அதைக் கடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். உடைந்தால் எண்ணெய் இரைப்பையிலேயே வெளியாகி நெஞ்செரிச்சல் தரும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இது பொருந்தாது. எதுவானாலும் உங்களைப் பார்க்கும் டாக்டர் எழுதித் தரட்டும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தால் அதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு ஒருவிதத்தில் நிம்மதி. ஐ.பி.எஸ். என்றதுமே பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் நாலு பண்டத்தில் வாழ்க்கையை ஓட்டுபவர்களை நிறையப் பார்க்கிறேன். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ஆப்பிள், பருப்பு வகை போன்றவற்றில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதித்துக் காற்றும் நீரும் சேர்க்கின்றன. அவற்றைக் குறைக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கினார்கள். பலன் தரும் முறைதான். ஆனால் அது நான்கு முதல் ஆறு வாரம் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எனக்கு ஆகாது என்று கண்டுபிடிக்கும் சோதனை. உணவியல் நிபுணரின் உதவியோடு செய்ய வேண்டும், காலம் முழுக்க இருக்க வேண்டியதில்லை. உங்கள் நிலையில் அதை இப்போது தொடங்கினால் வேறொரு குழப்பம் வரும்: வயிறு சரியானது மாத்திரையை நிறுத்தியதாலா, உணவை மாற்றியதாலா என்று தெரியாமல் போய்விடும். முதல் நான்கு வாரம் சாப்பாடு இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். காபி மட்டும் வெறும் வயிற்றில் வேண்டாம். அது பெருங்குடலைக் கிளப்பிவிடும்.

காலை உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் கழிப்பறையில் நிதானமாக உட்காருங்கள். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சிறிய முக்காலி. பத்து நிமிடம், வராவிட்டால் எழுந்துவிடுங்கள். போன் வெளியே இருக்கட்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகும் வலி அப்படியே இருந்தால் அடுத்த படி அமிட்ரிப்டிலின், இரவு 10 மில்லிகிராம். மருந்துச் சீட்டை இணையத்தில் தேடிப் பார்த்து, ‘எனக்கு மனநோய் மருந்தா எழுதினீர்கள்?’ என்று கோபப்பட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு. இந்தச் சின்ன அளவில் அது செய்வது குடலிலிருந்து போகும் வலிச் செய்தியின் சத்தத்தைக் குறைப்பதுதான். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற ஐ.பி.எஸ். நோயாளிகள் 463 பேரிடம் ஆறு மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை கூட்டியவர்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், மலம் சற்று இறுகும். அந்தக் கடைசிக் காரணத்தால்தான் அதை முதலிலேயே தரச் சொல்லவில்லை. நீங்கள் உண்மையில் மலச்சிக்கல் வகையா என்று தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. மனஅழுத்தத்தில் வயிறு மோசமாகிறது என்றால் எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாற்றும், குடலை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இந்தக் கட்டத்தில் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று. அதற்கும் நல்ல ஆதாரம் உண்டு.

குறிப்பு எழுதுவதை விடாதீர்கள். இந்த முறை இரண்டு பத்தி கூடுதலாகச் சேருங்கள். ஒன்று மலத்தின் தன்மை, பிரிஸ்டல் அளவில் 1 முதல் 7 வரை: 1 தனித்தனிப் புழுக்கை, 4 வழவழப்பாக ஒரே நீளமாக வருவது, 7 வெறும் தண்ணீர். ‘இளக்கம்’ என்று பொதுவாக எழுதினால் அது 5-ஆ, 7-ஆ என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டுக்கும் சிகிச்சை வேறு. இன்னொன்று மாதவிலக்கு நாள்கள். அந்த நாள்களில் கருப்பையைச் சுருக்கும் ப்ரோஸ்டாகிளாண்டின்கள் குடலையும் சுருக்குவதால் பலருக்கு முதல் நாளோ இரண்டாம் நாளோ மலம் இளகும். அதை நோய் கூடிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குடல் வலி மாதவிலக்கோடு மட்டுமே ஒட்டி வந்தாலோ, அந்த நாள்களில் மலம் கழிக்கும்போதே குத்துவலி இருந்தாலோ, உடலுறவின்போது உள்ளே வலித்தாலோ, முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கருப்பையின் உட்சுவர்த் திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஐ.பி.எஸ். போலவே நடித்துப் பல வருடம் ஏமாற்றும்.

நான்கு வாரம் முடிந்ததும் அந்தத் தாளை உங்கள் டாக்டரிடம் கொண்டுபோங்கள். பிசகோடில் இல்லாத வாரங்களிலும் 6, 7 என்ற எண்கள் அடிக்கடி வந்தால், இசப்கோலோடு பேதி வகைக்கான சிகிச்சைப் பக்கம் அவர் போவார். 1, 2 மட்டுமே மிஞ்சினால் மேக்ரோகாலைத் தினமும் சிறிய அளவில் தரலாம். பெரும்பாலும் 3, 4, 5 என்று வந்து, வலி மட்டும் மிச்சமிருந்து ஆறு முதல் எட்டு வாரம் தாண்டியும் நீடித்தால், அப்போதுதான் அமிட்ரிப்டிலின் பேச்சை எடுக்க வேண்டும்.